மூன்று பிள்ளைகளுக்கு மூன்று பாடக்குறிப்பா?

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். 36 பிள்ளைகள். ஒரு பையனுக்குக் கண்ணாடி போட்டும் பார்வை 6/60தான். ஒரு பெண் காதுக்கருவி போட்டிருக்கிறாள். இன்னொரு பையன் வாயால் கேட்டால் டக்கென்று பதில் சொல்வான், புத்தகத்தைக் கொடுத்தால் எழுத்துக்கூட்டிக்கொண்டே நிற்பான். பயிற்சியில் யு.டி.எல். என்று சொல்லி, எதையும் பல வழிகளில் நடத்த வேண்டும் என்றார்கள். அப்படியென்றால் தினமும் மூன்று பாடக்குறிப்பு எழுத வேண்டுமா? அடுத்த வாரம் கலவைகளைப் பிரிக்கும் முறைகள் நடத்த வேண்டும், அதை வைத்தே சொல்லுங்கள். வாயால் பதில் சொல்ல விட்டால், "எங்கள் பிள்ளை மட்டும் ஏன் எழுத வேண்டும்?" என்று மற்ற பெற்றோர் கேட்கிறார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது?

பதில்:

ஒரு குறிப்பே போதும். அதை எழுதும் வரிசையைத்தான் மாற்ற வேண்டும்.

வழக்கமாக நாம் பாடத்தை முழுக்க எழுதி முடித்துவிட்டு, கடைசியில் "மெல்லக் கற்போருக்கு" என்று ஒரு கட்டம் போட்டு இரண்டு வரி சேர்க்கிறோம். யு.டி.எல்., அதாவது அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பு, அந்தக் கடைசிக் கட்டத்தையே தேவையில்லாமல் ஆக்கப் பார்க்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1984இல் தொடங்கிய காஸ்ட் என்ற அமைப்பில் ஆன் மேயர், டேவிட் ரோஸ் முதலியோர் இதை உருவாக்கினார்கள். தொடக்கத்தில் அவர்களும் நீங்கள் பயப்படும் வேலையைத்தான் செய்தார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் கணினி வழியே தனித்தனி உதவி செய்து, எல்லோருக்கும் பொதுவான அச்சுப் புத்தகத்தோடு அந்தக் குழந்தையை எப்படியாவது பொருத்திவிட முயன்றார்கள். பிறகுதான் கேள்வி திரும்பியது. குழந்தையைப் புத்தகத்துக்கு ஏற்றபடி வளைப்பதைவிட, புத்தகமும் பாடமும் எந்த இடத்தில் குழந்தையை நிறுத்துகின்றன என்று பார்த்து அந்த இடத்தை மாற்றினால் என்ன?

ஆகவே நீங்கள் தேடவேண்டியது மூன்று குழந்தைகளின் குறையை அல்ல, ஒரு பாடத்தில் உள்ள தடைகளை. பிள்ளையைப் பாடத்துக்குள் இழுப்பது, பாடப்பொருளை அவர்கள் முன் வைப்பது, கற்றதை அவர்கள் வெளிக்காட்டுவது என்று மூன்று இடங்களில் தடையைத் தேடச் சொல்கிறார்கள். காஸ்டின் வழிகாட்டி அட்டவணையில் (2024இல் வந்தது 3.0 பதிப்பு) இந்த மூன்றின் கீழும் நிறைய உட்குறிப்புகள் இருக்கும். அத்தனையையும் ஒரே பாடத்தில் டிக் அடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு பாடத்துக்கு இரண்டு மூன்று தடைகளை உண்மையாகவே அகற்றினால் போதும்.

முதல் வேலை, பாடத்தின் நோக்கத்தை ஒரு வரியில் எழுதுவது. இங்கேதான் பெரும்பாலும் சறுக்கும். "பிரித்தல் முறைகளின் வரையறைகளை எழுதுவர்" என்று எழுதிவிட்டால், எழுதுவது நோக்கத்துக்குள்ளேயே புகுந்துகொள்கிறது. அதற்கப்புறம் எழுத்துத் தடுமாறும் பையனுக்கு நீங்கள் எந்த வழி திறந்தாலும் அது சலுகை மாதிரிதான் தெரியும். இப்படி எழுதிப் பாருங்கள்: "ஒரு கலவையைக் கொடுத்தால், அதிலுள்ள பொருள்களின் எந்தப் பண்பு வேறுபடுகிறது என்று கண்டு, அதற்கேற்ற பிரிக்கும் முறையைத் தேர்ந்து, காரணம் சொல்வர்." இதில் பேனாவும் இல்லை, புத்தகமும் இல்லை. அறிவியல் மட்டும் இருக்கிறது. கருத்தை மாற்றாமல் வழியை மாற்றலாம் என்ற சுதந்திரம் இந்த ஒரு வரியிலிருந்துதான் வருகிறது.

அடுத்து, வழக்கமாக நடத்தும் பாடத்தை மனதில் ஓட்டிப் பாருங்கள். கரும்பலகையில் தலைப்பு, முறைகளின் பெயர்கள். மேசையில் ஒரு பீக்கரில் கலங்கல் தண்ணீரை வடிகட்டிக் காட்டுவது. பாடநூலில் உள்ள கியூஆர் குறியீட்டின் காணொளி. கரும்பலகையைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வது. நான்குமே உங்கள் வகுப்பில் யாரையாவது நிறுத்தும்.

கரும்பலகையை எடுத்துக்கொள்வோம். "அவனை முன் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறேன்" என்று நினைத்தால் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். 6/60 என்றால், சாதாரணப் பார்வை 60 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை இவன் 6 மீட்டரிலிருந்துதான் படிப்பான். பார்வைப் பரிசோதனை அட்டையின் கணக்குப்படி அந்த எழுத்து ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் உயரம். முன் பெஞ்சு கரும்பலகையிலிருந்து 2 மீட்டர் தள்ளி இருந்தால், அவன் கண்ணுக்குப் பிடிபடும் மிகச்சிறிய எழுத்து 3 சென்டிமீட்டர். பிடிபடுவது வேறு, பாடம் முழுக்கச் சிரமமில்லாமல் படிப்பது வேறு. அதற்கு இரண்டு மடங்காவது வேண்டும், அதாவது 6 சென்டிமீட்டர். பரிசோதனை அட்டையின் எழுத்தைவிட நம் ணை, ஞ, ழ போன்றவற்றில் சுழியும் கோடும் அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் கரும்பலகையில் எழுதுவது 4 சென்டிமீட்டர் இருந்தால், முன் பெஞ்சிலும் அவன் பாதி ஊகத்தில்தான் படிக்கிறான். எல்லாவற்றையும் 6 சென்டிமீட்டரில் எழுதினால் பலகையில் இடம் இருக்காது. முறைகளின் பெயர்களை மட்டும் அப்படிப் பெரிதாக எழுதி, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். மீதியை அவன் கைக்குத் தாளாகக் கொடுங்கள். புத்தகத்தை 15, 20 சென்டிமீட்டர் அருகில் வைத்து அவன் படித்தால் தடுக்காதீர்கள். அதனால் கண் கெடாது. அவன் பார்வைக்கு அந்தத் தூரம்தான் சரியான தூரம்.

இப்போது காதுக்கருவி போட்ட மாணவி. கருவி பேச்சை மட்டும் பொறுக்கி எடுக்காது, மின்விசிறிச் சத்தத்தையும் பெஞ்சு இழுபடும் சத்தத்தையும் சேர்த்தே கூட்டும். பேசுபவர் 1 முதல் 2 மீட்டருக்குள் இருந்தால்தான் பேச்சு தெளிவாக எட்டும். தூரம் இரட்டிப்பானால் நேராக வரும் ஒலி 6 டெசிபல் குறைகிறது. மிச்சத்தை அவள் உங்கள் உதட்டைப் பார்த்து நிரப்பிக்கொள்கிறாள். ஆகவே நீங்கள் பலகைப் பக்கம் திரும்பிப் பேசும் ஒவ்வொரு வாக்கியமும் அவளுக்கு இழப்பு. அதைவிடப் பெரிய தடை, செய்து காட்டும்போதுதான் வரும். "இப்போது தண்ணீரை ஊற்றுகிறேன், மேலே என்ன மிதக்கிறது பாருங்கள்" என்று சொல்லிக்கொண்டே ஊற்றுகிறோம். மற்றவர்கள் காதால் கேட்டுக்கொண்டே கண்ணால் பீக்கரைப் பார்ப்பார்கள். அவளுக்குக் கேட்பதற்கும் கண்தான் வேண்டும். உதட்டைப் பார்த்தால் பீக்கர் போச்சு, பீக்கரைப் பார்த்தால் வாக்கியம் போச்சு. இதற்குச் செலவில்லாத தீர்வு ஒன்று உண்டு. முதலில் சொல்லுங்கள், வாயை மூடுங்கள், பிறகு ஊற்றுங்கள், அவள் தலை நிமிர்ந்ததும் அடுத்ததைச் சொல்லுங்கள். ஒரு செயல்பாட்டுக்கு அரை நிமிடம் கூடும், அவ்வளவுதான். அந்த அரை நிமிட அமைதியில் மற்ற 35 பேரும் பீக்கரை உண்மையாகவே பார்ப்பார்கள்.

அவளை முன் பெஞ்சு நடுவில் உட்கார வைப்பதைவிட, இரண்டாம் பெஞ்சின் ஓரத்தில் சற்றே வகுப்பைப் பார்த்தபடி உட்கார வைப்பது நல்லது. உங்கள் முகமும் தெரியும், பதில் சொல்லும் பிள்ளைகளின் முகமும் தெரியும். ஜன்னலுக்கு முன்னால் நின்று பேசாதீர்கள். பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் உங்கள் முகம் நிழலாகி உதடு தெரியாது.

எழுத்துக்கூட்டும் பையனுக்குத் தடை, கரும்பலகையைப் பார்த்து எழுதுவது. ஏற இறங்கப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அவன் விட்ட இடத்தைத் தொலைக்கிறான். தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. "கெ" என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, ஒலி பின்னால் வருகிறது. "கொ" என்றால் ஒரே உயிரொலி மெய்யெழுத்தின் இரு பக்கமும் பிரிந்து நிற்கிறது. வாசிப்பில் குறைபாடு உள்ள பிள்ளை தடுமாறும் இடங்களில் இவையும், ண-ன, ல-ள-ழ, ர-ற இணைகளும் அடிக்கடி வரும். "தெளிய வைத்து இறுத்தல்" என்ற ஒரே பெயருக்குள் இவற்றில் மூன்று இருக்கின்றன. அறிவியல் வகுப்பில் அவன் சக்தி முழுவதும் அங்கேயே தீர்ந்துவிட்டால், கலவையைப் பற்றி யோசிக்க எதுவும் மிஞ்சாது.

சரி, இப்போது பாடத்தை அமைப்போம். ஒரு பீரியட் 40 நிமிடம் என்று வைத்துக்கொள்கிறேன். 36 பேரை ஆறு குழுவாகப் பிரியுங்கள். குழுவுக்கு ஒரு விளிம்புள்ள தட்டு. மதிய உணவுத் தட்டே போதும். தட்டுக்குக் கீழே கருப்பு சார்ட் தாள் ஒன்று. தட்டில் மூன்று சிறு கிண்ணங்கள்: சிறு கற்கள் கலந்த அரிசி ஒரு கைப்பிடி, இரும்புத்தூள் கலந்த மணல் இரண்டு ஸ்பூன், உப்பும் மணலும் கலந்தது இரண்டு ஸ்பூன். இவற்றுடன் ஒரு காந்தம், டீ வடிகட்டி, நான்காக மடித்த வேட்டித் துணி, இரண்டு கண்ணாடி டம்ளர், ஒரு ஸ்பூன், தண்ணீர், கலங்கல் தண்ணீருக்குக் கொஞ்சம் ஆற்று மணலும் தோட்ட மண்ணும். வாங்க வேண்டியது காந்தமும் இரும்புத்தூளும் மட்டுமே, மற்றதெல்லாம் பள்ளியிலோ வீட்டிலோ கிடைக்கும்.

இந்தப் பட்டியலில் தடையை நினைத்துச் சேர்த்தவை சில. கருப்புத் தாள், சிந்தும் அரிசியையும் உப்பையும் பார்வை குறைந்தவன் கண்ணுக்குக் காட்டும். டம்ளருக்குப் பின்னாலும் வெள்ளை அல்லது கருப்பு அட்டையை மாற்றி மாற்றி நிறுத்தினால், படிந்த மண்ணுக்கும் தெளிந்த நீருக்கும் இடையிலுள்ள கோடு துலங்கும். ஸ்பூனை அடிவரை விட்டால் படிவு கையிலேயே தட்டுப்படும். காந்தத்தை ஒரு பாலித்தீன் உறைக்குள் போட்டுக் கொடுங்கள். இரும்புத்தூள் உறையில் ஒட்டும், காந்தத்தை உருவினால் தாளில் உதிரும். வெறும் காந்தத்தில் ஒட்டிய தூளை விரலால் வழித்தெடுப்பது பெரிய தொல்லை. கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கும் பிள்ளைக்கு அது ஆபத்தும்கூட. இரும்புத்தூள் கிண்ணத்தை யாரும் முகத்தருகே தூக்கக்கூடாது என்று வகுப்புக்கே பொதுவாகச் சொல்லிவிடுங்கள். அவனிடம் மட்டும் சொல்ல வேண்டாம்.

முதல் 5 நிமிடம்: எதையும் விளக்காமல், அரிசிக் கிண்ணத்தைக் கொடுத்து, "கல்லை எடுக்க எத்தனை வழி இருக்கிறது?" என்று கேளுங்கள். வீட்டில் அரிசி புடைப்பதையும் களைவதையும் பார்க்காத பிள்ளை குறைவு. பாடத்துக்குள் இழுக்க இதற்கு மேல் காட்சிப்பொருள் தேவையில்லை.

அடுத்த 8 நிமிடம் நீங்கள் பேசும் நேரம். முறைகளின் பெயர்களைப் பெரிதாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் "எது வேறுபடுகிறது?" என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். கையால் பொறுக்குவதற்கு நிறமும் வடிவமும், சலிப்பதற்குப் பருமன், தூற்றுவதற்கு எடை, காந்தத்துக்குக் காந்தத்தால் ஈர்க்கப்படுவது, உப்புக்கு நீரில் கரைவது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கை சைகையையும் வகுப்போடு சேர்ந்து முடிவு செய்யுங்கள்: சலிப்பதற்குக் கையைப் பக்கவாட்டில் ஆட்டுவது, தூற்றுவதற்கு மேலிருந்து கொட்டுவது. இது சைகைமொழி அல்ல, அந்தப் பெண்ணுக்குச் சைகைமொழி தெரிந்தால் அதற்கு மாற்றும் அல்ல. "சலித்தல்", "தெளிதல்" போன்று உதட்டில் ஒன்றுபோலத் தெரியும் சொற்களைப் பிரித்துக்காட்ட ஒரு கைப்பிடி, அவ்வளவே.

பிறகு 17 நிமிடம் செயல்பாடு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு படி அட்டை. ஒரு பக்கத்தில் நான்கு படிகள், படிக்கு ஆறு சொல்லுக்கு மேல் வேண்டாம், பக்கத்தில் எளிய கோட்டோவியம். எழுத்தளவு 24 புள்ளியில் தொடங்குங்கள். முந்தின நாளே பார்வை குறைந்த பையனிடம் கொடுத்து, சிரமமில்லாமல் படிக்கிறானா என்று பார்த்து அளவை உறுதி செய்துகொள்ளுங்கள். கணினி இல்லையென்றால் கருப்பு மார்க்கரால் கையால் எழுதலாம். வெளிர் நீலப் பேனா வேண்டாம். இந்த அட்டை ஆறு குழுவுக்கும் ஒன்றே. பெரிய எழுத்து பார்வை குறைந்தவனுக்கு, குறைந்த சொற்கள் எழுத்துக்கூட்டுபவனுக்கு, எழுதிய வழிமுறை காது கேட்காதவளுக்கு என்று யோசித்துச் செய்ததுதான். ஆனாலும் "அவனுக்கான அட்டை" என்று தனியாக எதுவும் மேசையில் இருக்காது. உங்கள் "மூன்று குறிப்பா?" என்ற கேள்விக்கு இந்த அட்டைதான் பதில்.

கலங்கல் தண்ணீரில் ஒரு எச்சரிக்கை. களிமண்ணைக் கரைத்தால் அது மணிக்கணக்கில் தெளியாது, பீரியட் முடிந்துவிடும். ஆற்று மணலோடு கொஞ்சம் தோட்ட மண்ணைக் கலந்தால், மணல் அரை நிமிடத்தில் அடியில் இறங்கும், கலங்கலை மேலாக இறுத்துத் துணியில் வடிக்கலாம். வடிகட்டும் தாளைப் பயன்படுத்தினால் சேறு அதன் துளைகளை அடைத்துவிடும், சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். குழந்தைகள் கவனம் சிதறுவது பெரும்பாலும் இந்தக் காத்திருப்பில்தான்.

கடைசி 10 நிமிடம் கற்றதை வெளிக்காட்டுவது. கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்: "உப்பு, மணல், இரும்புத்தூள் மூன்றும் கலந்துவிட்டன. எந்த வரிசையில் பிரிப்பாய்? ஏன்?" இதற்கு இரண்டே வழி கொடுங்கள். படம் வரைந்து அம்புக்குறியிட்டு ஒவ்வொரு படிக்கும் ஓரிரு சொல் எழுதுவது, அல்லது பொருள்களைக் கையில் வைத்துக்கொண்டு உங்களிடமோ குழுவிடமோ செய்தபடி சொல்வது. ஐந்தாறு வழி கொடுத்தால் எதைத் தேர்வது என்ற பேச்சிலேயே ஐந்து நிமிடம் போகும். முழுப் பத்தியாக எழுத விரும்பும் பிள்ளை எழுதட்டும், தடையில்லை. 36 பேரையும் ஒரே நாளில் கேட்க முடியாது. வாய்மொழியைத் தேர்ந்தவர்களைக் குழுவுக்கு ஒருவர் இருவராக மூன்று நாள் பரப்பிக்கொள்ளுங்கள்.

இனி பெற்றோர் கேள்வி. நீங்கள் தயாராக வைத்திருக்க வேண்டியது வாதம் அல்ல, மதிப்பெண் அளவுகோல். இந்தக் கேள்விக்கு 5 மதிப்பெண் என்று வையுங்கள். முதலில் காந்தத்தைப் பயன்படுத்தினால் 1, இரும்பு காந்தத்தால் ஈர்க்கப்படும் என்று காரணம் சொன்னால் 1, தண்ணீரில் கரைத்து வடிகட்டி மணலைப் பிரித்தால் 1, உப்பு கரையும், மணல் கரையாது என்ற காரணத்துக்கு 1, நீரை ஆவியாக்கி உப்பை மீட்டால் 1. வரைந்தாலும் சொன்னாலும் எழுதினாலும் இதே ஐந்து. படம் அழகாக இருந்ததற்கு மதிப்பெண் இல்லை, பிழையில்லாமல் எழுதியதற்கும் இல்லை, சரளமாகப் பேசியதற்கும் இல்லை. காந்தத்தைக் கடைசிக்குத் தள்ளினால் என்ன ஆகும் என்று ஒரு பிள்ளை சொன்னால், ஈர இரும்புத்தூள் மணலோடு ஒட்டிக்கொள்ளும், காய்வதற்குள் துருவேறத் தொடங்கும் என்று அவன் புரிந்துகொண்டதற்கு மனதுக்குள் ஒரு சபாஷ் போடுங்கள், ஆனால் ஆறாவது மதிப்பெண் கிடையாது.

"எங்கள் பிள்ளை மட்டும் ஏன் எழுத வேண்டும்?" என்று வருகிற பெற்றோரிடம் இந்தத் தாளைக் காட்டி, "உங்கள் பிள்ளையும் சொல்லலாம், வரையலாம்" என்று சொல்லுங்கள். வழி எல்லோருக்கும் திறந்திருப்பதுதான் இதற்கும் சலுகைக்கும் உள்ள வேறுபாடு. அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள். எழுதுவதே நோக்கமாக உள்ள பாடத்தில் இந்த மாற்று செல்லாது. தமிழ் வகுப்பில் கடிதம் எழுதுவதை வாய்மொழியாக மாற்றினால் கடிதம் எழுதக் கற்கவில்லை என்றே பொருள். அங்கே கருத்துகளை முதலில் வாயால் சொல்ல வைப்பது, சொல் பட்டியல் கொடுப்பது, நேரம் கூட்டுவது எல்லாம் செய்யலாம். கடைசியில் கடிதம் எழுத வேண்டும்.

நடைமுறையில் இது எங்கே கெடுகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். முதல் இடம், குழு. காதுக்கருவி போட்ட பெண்ணை "நீ நேரம் பார்த்துக்கொள்" என்று குழுவே ஓரம்கட்டும், பார்வை குறைந்தவனுக்கு நண்பன் அன்போடு எல்லாவற்றையும் தானே செய்து கொடுத்துவிடுவான். வெளியிலிருந்து பார்த்தால் அழகான ஒத்துழைப்பாகத் தெரியும். கண்டுபிடிக்க ஒரே வழி, செயல்பாட்டின் நடுவில் போய் அந்தப் பிள்ளையிடம் நேராக, "இப்போது என்ன செய்தாய், அடுத்தது என்ன?" என்று கேட்பது. பதில் நண்பனிடமிருந்து வந்தால் குழு சரியில்லை. கலப்பவர், பிரிப்பவர், அட்டை வாசிப்பவர், பதிவு செய்பவர் என்று வேலையைக் கிண்ணத்துக்குக் கிண்ணம் சுழற்றுங்கள். அட்டை வாசிக்கும் முறை எழுத்துக்கூட்டும் பையனுக்கு வரும்போது, அவன் விரும்பினால் குழுவுக்குள் மட்டும் வாசிக்கட்டும். வகுப்பு முன் சத்தமாக வாசிக்கச் சொல்லாதீர்கள்.

இரண்டாவது, காணொளி. போட்டுவிட்டால் பல வழி ஆகிவிட்டது என்ற எண்ணம் எளிதில் வரும். குரல் மட்டும் உள்ள காணொளி அந்தப் பெண்ணுக்கு ஊமைப்படம். "இங்கே பாருங்கள், இது இப்படி மாறுகிறது" என்று பேசும் காணொளி பார்வை குறைந்த பையனுக்கு வெறும் சத்தம். தானாக வரும் தமிழ் வசன வரிகள் கலைச்சொற்களில் தடம் மாறும், முன்கூட்டியே ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் நம்பக்கூடாது. இரண்டு நிமிடத் துண்டாக நிறுத்தி, திரையில் நடந்ததை நீங்கள் சொல்லால் சொன்னால் இருவருக்கும் உதவும். இந்தப் பாடத்தில் கையில் தட்டே இருப்பதால் காணொளியை விட்டுவிட்டாலும் நட்டமில்லை.

மூன்றாவது கொஞ்சம் பேசப்பட வேண்டியது. யு.டி.எல். பயிற்சிகளில், "இவன் கண்ணால் கற்பவன், அவள் காதால் கற்பவள், இவன் கையால் கற்பவன்" என்று பிள்ளைகளைப் பிரிக்கும் பழைய பாடமும் கலந்துவிடுகிறது. அப்படிப் பிரித்து நடத்தினால் கற்றல் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008இல் வந்த ஓர் உளவியல் ஆய்வுத் தொகுப்பே சொல்லிவிட்டது. யு.டி.எல். அதற்கு நேர் எதிர்: ஒரே பிள்ளைக்கே வெவ்வேறு பாடத்தில் வெவ்வேறு வழி தேவைப்படும். உங்கள் எழுத்துக்கூட்டும் பையன் இன்று வரைந்தால், நாளை பேசலாம், மறுநாள் எழுதியும் பார்க்கலாம். "இவன் வாய்மொழிக்காரன்" என்று முத்திரை குத்திவிட்டால் எழுதும் வாய்ப்பையே அவனிடமிருந்து பறித்துவிடுகிறோம். யு.டி.எல். மதிப்பெண்ணை இவ்வளவு கூட்டும் என்று யாராவது துல்லியமாக எண் சொன்னாலும் நம்பாதீர்கள். எந்த வகுப்பை யு.டி.எல். வகுப்பு என்று எண்ணுவது என்பதிலேயே ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை.

கடைசியாக, இதனால் முடியாதவை. எவ்வளவு நன்றாகப் பாடத்தை வடிவமைத்தாலும் காதுக்கருவியின் பேட்டரி தீர்ந்தால் ஒன்றும் நடக்காது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இரண்டையும் தனித்தனியாகவே வரையறுக்கிறது: எல்லோருக்குமான பொது வடிவமைப்பு ஒன்று, ஒருவருக்குத் தேவையான நியாயமான தனி ஏற்பாடு இன்னொன்று. முதலாவதைச் செய்துவிட்டதால் இரண்டாவது தேவையில்லை என்று ஆகாது. சட்டத்தின் 16ஆம் பிரிவு, குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை முன்கூட்டியே கண்டறிவதையும் பள்ளியின் பொறுப்புகளில் ஒன்றாக வைத்திருக்கிறது.

ஆகவே எழுத்துக்கூட்டும் பையனை, "யு.டி.எல். செய்கிறோமே" என்று அப்படியே விட்டுவிடாதீர்கள். உங்கள் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் எழுத்துமூலம் தெரிவித்து மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள். பின்னாளில் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமோ எழுதுபவர் உதவியோ கேட்கும்போது சான்று வேண்டும். அது கிடைக்க மாதங்கள் ஆகலாம். அனுப்பும்போது "படிப்பில் மந்தம்" என்று ஒரு வரியில் முடிக்காமல், அவன் வாசித்ததில் எந்த எழுத்துகளில் தடுமாறினான், ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் வாசித்தான், அதே பாடத்தை வாயால் கேட்டபோது எத்தனைக்குச் சரியாகச் சொன்னான் என்று மூன்று வரி குறித்து அனுப்பினால் பார்ப்பவர் வேலை பாதியாகும். பார்வை குறைந்த பையனுக்கு உருப்பெருக்கியும் பெரிய எழுத்துப் பாடநூலும் கிடைக்குமா என்று அவரிடமே கேளுங்கள். மாணவிக்குக் காலையில் ஒரு சிறு சோதனை செய்யலாம். அவளுக்குப் பின்னால் ஒரு மீட்டர் தள்ளி நின்று ஆ, ஊ, ஈ, ம், ஸ், ஷ் என்று ஆறு ஒலிகளை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், கேட்டதும் அவள் கையைத் தூக்க வேண்டும். நேற்றுவரை கேட்ட ஒலிக்கு இன்று கை எழவில்லை என்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள், அடுத்து காதுக்குள் பொருந்தும் அச்சில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அரை நிமிட வேலை. வகுப்பு கூடுவதற்கு முன், தனியாகச் செய்யுங்கள்.

அடுத்த வாரம் இந்த ஒரு பீரியடை மட்டும் இப்படி நடத்துங்கள். முடிந்ததும் குறிப்பேட்டில் இரண்டே விஷயங்களை எழுதுங்கள்: எந்தக் குழுவில் எந்தப் படியில் வேலை நின்றது, மூன்று பிள்ளைகளைத் தவிர வேறு யார் வாய்மொழியைத் தேர்ந்தார்கள். இரண்டாவது பட்டியலில் நீங்கள் எதிர்பார்க்காத பெயர்கள் நான்கைந்து இருந்தால், அந்தப் பிள்ளைகளின் நோட்டை எடுத்து ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.